ஜீரோ சதவீத மோகம்: நேர்மையாக எழுதுபவருக்கு அது ஏன் தப்பான இலக்கு?

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, குடுமியான்மலையில், மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறைமுகத்தில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்தில், வரி வரியாக, நான்கு நான்கு சுர எழுத்துகளாகக் கட்டம் போட்டதுபோல் வெட்டியிருக்கிறார்கள். ஏழு பகுதிகள். ஒவ்வொன்றும் ஒரு பழைய இராகத்தின் பெயரில். கட்டங்களுக்குள் சொல் என்று எதுவும் கிடையாது, எல்லாம் சுரம். ஓர் எழுத்தின் உயிர்க்குறி மாறினாலும் அது வேறு சுரமாகிவிடும். 1904-ல் எச். கிருஷ்ண சாஸ்திரி அதைக் கண்டு சொன்ன நாளிலிருந்து, அந்தக் கட்டங்களைப் பிழையில்லாமல் படியெடுப்பதுதான் அதை ஆராய்கிறவர்களின் முதல் வேலை. இப்போது ஓர் ஆய்வு மாணவர் அந்தக் கல்வெட்டைத் தன் ஆய்வேட்டில் படியெடுத்துப் போட்டு, முழு ஏட்டையும் ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட் வருகிறது. படியெடுத்த பகுதி முழுக்கச் சிவப்பு. இதே கட்டங்கள் முன்பே வேறு கட்டுரைகளில் அச்சாகியிருப்பதால் 'ஒத்திருக்கிறது' என்கிறது மென்பொருள். ஒத்திருக்காவிட்டால்தான் தப்பு. ஆனால் அவருக்குக் கிடைத்திருக்கும் வாய்மொழி உத்தரவு ஒன்றே ஒன்று: "சிமிலாரிட்டி ஜீரோ வரணும்."

இந்த உத்தரவு இன்று ஆய்வு உலகத்தில் பரவலாகக் காதில் விழுகிறது. பல்கலைக்கழகம் கேட்பதைவிட ஒரு படி குறைத்துத் துறை கேட்கிறது. துறை கேட்பதைவிட இன்னொரு படி குறைத்துக் கைடு கேட்கிறார். மாணவர் அதையும் தாண்டிப் பூஜ்ஜியத்தை நோக்கி ஓடுகிறார். சிமிலாரிட்டியைக் குறைத்துத் தருகிறோம் என்று காசு வாங்குகிறவர்கள் இந்த ஓட்டத்தில்தான் பிழைக்கிறார்கள். களவாடி எழுதுகிறவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. சொந்தமாக உழைத்து, மேற்கோளுக்குக் குறிப்புப் போட்டு எழுதுகிறவர் இந்தப் பூஜ்ஜியத்தைத் துரத்தும்போது அவருடைய எழுத்துக்கு என்ன ஆகிறது என்பதுதான் விஷயம்.

அந்த எண் எதை அளக்கிறது?

மென்பொருள் செய்யும் வேலை எளிமையானது. ஏட்டைச் சில சொற்கள் கொண்ட சிறு சரடுகளாக வெட்டும். தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் இணையப் பக்கங்கள், ஆய்விதழ்கள், முன்பு ஏற்றப்பட்ட ஏடுகள் ஆகியவற்றோடு ஒவ்வொரு சரடையும் ஒப்பிடும். ஒத்துப்போன சொற்களை எண்ணி, மொத்தச் சொற்களால் வகுக்கும். வருவது சதவீதம். யார் முதலில் எழுதியது, அடிக்குறிப்பு இருக்கிறதா, அந்த வரி ஒரு கருத்தா அல்லது வெறும் தகவலா என்பதெல்லாம் அந்த வகுத்தலுக்குள் வராது. 'டர்னிட்டின்' நிறுவனமே தன் விளக்கக் குறிப்பில், இந்த எண் ஒத்திருக்கும் எழுத்தைக் காட்டுகிறதே தவிர எழுத்துத் திருட்டைக் காட்டுவதில்லை என்று சொல்கிறது. விற்கிறவர் இவ்வளவு நிதானமாகப் பேசும்போது வாங்குகிறவர்கள்தான் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த எண் எவ்வளவு மறைக்கிறது என்பது தெரியும். இரண்டு ஆய்வேடுகள், இரண்டும் தலா 60,000 சொற்கள் என்று கொள்வோம். முதல் ஏட்டின் ரிப்போர்ட்டில் 9 சதவீதம். அதாவது 5,400 சொற்கள். அவை 80 மூலங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு மூலத்துக்குச் சராசரியாகச் சுமார் 67 சொற்கள்தான். திறந்து பார்த்தால் நூல் பெயர்கள், அரசாணைத் தலைப்புகள், மேற்கோள் குறிக்குள் இருக்கும் வரிகள், எல்லாரும் ஒரே மாதிரி எழுதும் ஆய்வுமுறை விளக்கம். இரண்டாவது ஏட்டில் வெறும் 3 சதவீதம், 1,800 சொற்கள். ஆனால் அத்தனையும் ஒரே மூலத்திலிருந்து, தொடர்ச்சியாக, அடிக்குறிப்பு இல்லாமல். பக்கத்துக்கு 300 சொல் என்று பார்த்தால் ஆறு பக்கம் அப்படியே தூக்கி வைக்கப்பட்டிருக்கிறது. எண்ணை மட்டும் பார்க்கும் அலுவலகத்தில் 3 சதவீதக்காரர் கைகுலுக்கல் வாங்கிப் போவார். 9 சதவீதக்காரர் "இன்னும் குறைச்சுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பப்படுவார். திருடியது யார் என்பது மூலங்களின் பட்டியலைப் புரட்டினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தப் பட்டியல் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது.

> பெட்டிச் செய்தி: விதி என்ன சொல்கிறது?
>
> பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் எழுத்துத் திருட்டைத் தடுப்பதற்கான விதிமுறைகளை வெளியிட்டது. அதன்படி 10 சதவீதம் வரை உள்ள ஒப்புமை சிறு ஒப்புமை. அதற்குத் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை இருந்தால், ஆறு மாதத்துக்கு மிகாத காலக்கெடுவுக்குள் திருத்திய ஏட்டைத் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை இருந்தால், ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைத் தர முடியாது. 60-ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்தாகும்.
>
> மூலத்தைச் சொல்லி மேற்கோளாகத் தரப்பட்டவை, துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுவான கலைச்சொற்கள், சட்ட வாசகங்கள், நிலையான குறியீடுகள், சமன்பாடுகள் ஆகியவற்றைக் கழித்துவிட்டே ஒப்புமையைக் கணக்கிட வேண்டும். பொது அறிவு சார்ந்த, தற்செயலாக ஒத்துப்போகும் சொற்றொடர் தொடர்ந்து 14 சொற்கள் வரை இருந்தாலும் விலக்கு உண்டு.

விதியில் 'பூஜ்ஜியம்' என்ற தண்டனைக்கோடு எங்கேயும் இல்லை. இருப்பது பத்து. அந்தப் பத்தையும் கழிக்க வேண்டியதைக் கழித்த பிறகுதான் பார்க்க வேண்டும். ஆனால் நடைமுறையில் மேற்கோளையும் நூற்பட்டியலையும் விலக்கும் அமைப்பை ஆன் செய்யாமலேயே ரிப்போர்ட் எடுப்பதும் உண்டு. அப்படி எடுத்த ரிப்போர்ட்டில், இருநூறு நூல்களைப் படித்துப் பட்டியல் போட்டவருக்கு எண் ஏறும். பத்தே நூலைப் புரட்டியவருக்கு இறங்கும்.

14 சொல் விலக்கையே எடுத்துக்கொள்வோம். 'திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை மாவட்டம் உருவாக்கப்பட்டது.' எண்ணிப் பார்த்தால் 12 சொல். புதுக்கோட்டையைப் பற்றி எழுதப்படும் எந்த ஆய்வேட்டின் முதல் இயலிலும் இந்த வாக்கியம் கிட்டத்தட்ட இதே வடிவில் இருந்தே தீரும். விதிப்படி இதற்கு விலக்கு உண்டு. மென்பொருளில் சிறு ஒப்புமைகளை விலக்க ஓர் அமைப்பும் உண்டு. அதைத் தொடாமல் விட்டால் இந்த வாக்கியமும் சிவப்பாகும். உடனே மாணவர் இதை எப்படியாவது 'புதுமையாக' எழுத முனைவார். தேதியை மாற்ற முடியாது, ஊரை மாற்ற முடியாது. வாக்கியத்தைத் திருகத்தான் முடியும்.

சொல்லை மாற்றினால் சரித்திரம் மாறும்

திருகுவதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எழுத்து நடை கொஞ்சம் கெடும், அவ்வளவுதானே? புதுக்கோட்டையைப் பொறுத்தவரை நஷ்டம் நடையோடு நிற்பதில்லை. சமஸ்தான ஆட்சிக் காலத்தில், 1929-ல், புதுக்கோட்டைக் கல்வெட்டுகள் 1,130-ஐ எண்ணிட்டு மூலபாடமாகவே ஒரு தொகுதியாக அச்சிட்டார்கள். இந்த மாவட்டத்தின் இடைக்கால வரலாற்றை எழுதுகிறவர் யாராக இருந்தாலும் அந்தத் தொகுதியைத் திறந்தாக வேண்டும். அந்த வாசகங்களோ இயல்பிலேயே ஒன்றையொன்று ஒத்தவை. 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று தொடங்கும், அரசனின் மெய்க்கீர்த்தி வரும், ஆட்சியாண்டு வரும், கொடை வரும். ஒரே அரசனின் மெய்க்கீர்த்தி பல ஊர்க் கோயில்களில் ஒரே சொற்களில் திரும்பத் திரும்ப வெட்டப்பட்டிருக்கிறது. கல்தச்சன் காலத்து ஒப்புமையை இன்றைய மென்பொருள் எண்ணினால் அது எங்கே போய் நிற்கும்?

இதில் மூலபாடத்தை மேற்கோளாக விலக்கிவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். சிக்கல் விளக்கப் பகுதியில்தான் தொடங்குகிறது. நிலக்கொடையைக் குறிக்கக் கல்வெட்டில் பல சொற்கள் வருகின்றன. கோயிலுக்கு விட்டது தேவதானம். பிராமணர்களுக்கு விட்டது பிரமதேயம். சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்டது பள்ளிச்சந்தம். சித்தன்னவாசல் இருக்கும் மாவட்டத்தில் 'பள்ளிச்சந்தம்' என்ற ஒரு சொல்லே ஒரு பக்கத்துக்கு ஈடான சான்று. அந்த ஊரில் அன்று ஒரு சமணப் பள்ளி இருந்தது, அதற்கு வருமானம் இருந்தது என்று அது சொல்லிவிடுகிறது. ஒப்புமையைக் குறைக்க வேண்டும் என்பதற்காக அதை 'நிலக்கொடை' என்று மாற்றினால் எண் இறங்கும், சமணமும் மறைந்துவிடும். 'இறையிலி' என்றால் வரியே கிடையாது. அதை 'வரிச்சலுகை' என்று மாற்றினால் கொஞ்சம் வரி உண்டு என்றாகிவிடும். 'பாடிகாவல்' என்பது ஊரைக் காக்கும் உரிமை. அதற்கென ஊர் தரும் வருவாயும் அதோடு சேர்ந்தது. புதுக்கோட்டைப் பகுதியில் அரையர்கள் தலையெடுத்த கதையே இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால்தான் விளங்கும். இதைக் 'காவலர் பணி' என்று எழுதினால் சீருடை போட்டு ஒருவர் வந்து நின்றுவிடுவார்.

இது தமிழ் ஆய்வுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. 2021-ல் கியோம் கபானாக், சிரில் லாபே, அலெக்சாண்டர் மகாசினோவ் ஆகிய மூவர், அச்சாகிவிட்ட அறிவியல் கட்டுரைகளில் விசித்திரமான சொற்றொடர்களைத் தேடிப் பட்டியல் போட்டார்கள். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்று வர வேண்டிய இடத்தில் 'கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' என்று இருந்தது. போலிப் பிரக்ஞை! 'பிக் டேட்டா' என்பது 'கொலோசல் இன்ஃபர்மேஷன்' ஆகியிருந்தது. மார்பகப் புற்றுநோயைக் குறிக்கும் 'பிரெஸ்ட் கேன்சர்', 'பூசம் பெரில்' என்று மாறியிருந்தது. ஒப்புமை காட்டும் மென்பொருளிலிருந்து தப்புவதற்காகச் சொல் மாற்றும் கருவியில் போட்டு எடுத்த எழுத்து இது என்பதே அவர்கள் கணிப்பு. சித்திரவதை செய்யப்பட்ட சொற்றொடர்கள் என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். அப்படிச் சொல்லை மாற்றியவர்களில் கணிசமானவர்கள் திருடியவர்கள்தான். ஆனால் அதே கருவியில், அதே கடையில், அதே விலைக்குத் தன் சொந்த எழுத்தைப் போட்டுப் பூஜ்ஜியம் வாங்கும் நேர்மையான மாணவரின் ஏடும் வெளியே வரும்போது அப்படித்தான் இருக்கும். நாளைக்கு இந்தச் சொற்றொடர்களைத் தேடும் வடிகட்டியில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சிக்குவார்கள். மென்பொருளுக்குப் பயந்து செய்த காரியமே குற்றத்தின் தடயமாகிவிடுகிறது.

தமிழில் பூஜ்ஜியம் வருவதற்கு வேறு காரணம் உண்டு

தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர்களுக்குப் பூஜ்ஜியம் சில நேரம் கேட்காமலே வந்துவிடும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. மென்பொருள் தன்னிடம் இருக்கும் எழுத்தோடுதான் ஒப்பிட முடியும். தமிழ் நூல்களில் பெரும்பகுதி இணையத்தில் எழுத்தாக இல்லை. இருக்கும் ஆய்வேடுகளிலும் பழையவை பல, பக்கங்களைப் படம் பிடித்த கோப்புகள். இன்னும் பல, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். ஆனால் கோப்புக்குள் பதிவாகியிருப்பது `jkpo;` என்ற ஆங்கில எழுத்துக் கோவை. மென்பொருள் படிப்பது அதைத்தான். யூனிகோடில் எழுதிய ஓர் ஏட்டையும், அதன் மூலமான பாமினி ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் இரண்டும் ஒன்று என்று அது கண்டுபிடிக்காது. இருபது ஆண்டுக்கு முந்தைய ஒரு தமிழ் ஆய்வேட்டை அட்டை முதல் அட்டை வரை மறுபடி தட்டச்சு செய்தாலும் ரிப்போர்ட்டில் ஒன்றும் தெரியாமல் போக வாய்ப்பு உண்டு.

ஆக, பூஜ்ஜியம் என்பதற்குச் சரியான அர்த்தம் 'என்னிடம் இருப்பதில் எதுவும் பொருந்தவில்லை' என்பதுதான். ஏடு புதியது என்றோ, நேர்மையானது என்றோ அது உறுதி தருவதில்லை. இது எல்லா மென்பொருளுக்கும் பொருந்தும். 2019 செப்டம்பரில் இன்ஃப்லிப்நெட் மையம் 'சோத்சுத்தி' திட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்கு 'உர்குண்ட்' மென்பொருளைக் கொடுத்தது. அது பின்னர் 'ஒரிஜினல்' என்று பெயர் மாறியது. அடுத்து 'டிரில்பிட்' வந்தது. கருவி மாறும்போது அதன் சேமிப்பும் மாறும். ஒரே ஏட்டை இரண்டு கருவியில் போட்டால் இரண்டு எண் வருவதில் ஆச்சரியம் இல்லை. ஒன்றில் பூஜ்ஜியம் வாங்கிப் பைண்டிங் செய்த ஏடு, பல்கலைக்கழகத்தின் கருவியில் ஏழு காட்டும். அந்த ஏழு எங்கிருந்து வந்தது என்று மாணவருக்கே விளங்காது.

இன்னொரு வினோதமும் நடக்கிறது. வெளியே ஏதோ ஒரு கருவியில் 'சும்மா ஒரு செக்' போடும்போது, ஏற்றிய ஏடு அதன் சேமிப்பில் தங்கிவிடுவது உண்டு. அடுத்த முறை அதே சேமிப்போடு ஒப்பிடும்போது மாணவரின் ஏடு அவருடைய ஏட்டோடேயே நூற்றுக்கு நூறு ஒத்துப்போகும். ஆய்வின்போது அவரே எழுதி வெளியிட்ட கட்டுரையும் இதே வேலையைச் செய்யும். அந்த ஒப்புமையை அழிக்கத் தன் சொந்த முடிவுகளையே வேறு சொற்களில் எழுதி மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 'இது நான் இந்த இதழில், இந்த ஆண்டில் வெளியிட்டது' என்று ஒரு வரி எழுதினால் தீர வேண்டிய விஷயம்.

அடுத்த பூஜ்ஜியம்: 'ஏஐ எழுதியதா?'

ஒப்புமை ரிப்போர்ட்டோடு இப்போது இன்னொரு எண்ணும் கேட்கப்படுகிறது. எழுத்தை மனிதர் எழுதினாரா, செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று சொல்லும் எண். அதிலும் பூஜ்ஜியம் வேண்டுமாம். இது முந்தையதைவிட மோசமான துரத்தல். ஒப்புமை ரிப்போர்ட்டாவது, 'இதோ இந்த மூலத்தின் இந்த வரி' என்று சான்று காட்டும். அதைத் திறந்து சரிபார்க்கலாம், மறுக்கலாம். ஏஐ கண்டறியும் கருவி எந்த மூலத்தையும் காட்டாது. அடுத்தடுத்த சொற்கள் எவ்வளவு எளிதில் ஊகிக்கக்கூடியவையாக இருக்கின்றன என்பது போன்ற அடையாளங்களை வைத்து ஒரு கணிப்பைச் சொல்லும், அவ்வளவுதான். சிவப்பான பத்தியை எதை வைத்து மறுப்பது?

சாட் ஜிபிடியை உருவாக்கிய 'ஓபன் ஏஐ' நிறுவனமே 2023 ஜனவரி இறுதியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அதன் சொந்தச் சோதனையில் ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்று தவறாகச் சொன்னது. ஆறு மாதத்தில், துல்லியம் போதவில்லை என்று சொல்லி நிறுவனமே அதை மூடிவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வில் எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். எல்லாம் மனிதர் எழுதியவை. கருவிகள் சராசரியாக அவற்றில் 61 சதவீதத்தை ஏஐ எழுதியது என்றன. காரணத்தையும் அவர்கள் சொல்கிறார்கள். பிற்பாடு கற்ற மொழியில் எழுதுகிறவர் தெரிந்த சொற்களையே, பழகிய வாக்கிய அமைப்பையே பயன்படுத்துவார். கருவிக்கு அது இயந்திரம் எழுதியதுபோலத் தெரிகிறது.

ஆலங்குடியிலோ கறம்பக்குடியிலோ தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, கல்லூரியில் ஆங்கிலத்துக்கு மாறி, ஆய்வேட்டையும் ஆங்கிலத்தில் எழுதும் முதல் தலைமுறை மாணவரின் நடை இதே வகையைச் சேர்ந்ததுதான். பாடநூலில் கற்ற, இலக்கணம் பிசகாத, அலங்காரம் இல்லாத ஆங்கிலம். அதை எழுதப் பழகுவதற்கே அவருக்குப் பத்து ஆண்டு பிடித்திருக்கும். இப்போது அந்த ஒழுங்குதான் குற்றம் என்கிறது கருவி. பூஜ்ஜியம் வாங்க அவருக்கு இரண்டு வழி திறந்திருக்கிறது. வேண்டுமென்றே பிழையோடும் கோணலாகவும் எழுதலாம். இல்லையென்றால், 'மனித நடைக்கு மாற்றித் தருகிறோம்' என்று விற்கப்படும் இன்னொரு ஏஐ கருவியில் தன் எழுத்தைப் போட்டு எடுக்கலாம். ஏஐ-யைத் தொடாதவர், ஏஐ-யைத் தொடவில்லை என்று நிரூபிப்பதற்காக ஏஐ-யிடம் போகிறார்!

> பெட்டிச் செய்தி: கருவிக்காரர்களே போட்ட கோடு
>
> 'டர்னிட்டின்' தன் ஏஐ கண்டறியும் வசதியை 2023 ஏப்ரலில் தொடங்கியது. 20 சதவீதத்துக்குக் கீழே வரும் கணிப்புகளில் தவறு அதிகம் என்பதால், 1 முதல் 19 வரையிலான எண்ணைக் காட்டாமல் வெறும் நட்சத்திரக் குறி போடும் முறைக்குப் பிறகு மாறியது.
>
> அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் அந்த வசதியை நிறுத்தி வைத்தது. 2022-ல் அங்கே 75,000 தாள்கள் மென்பொருளில் ஏற்றப்பட்டன. நிறுவனம் சொல்லும் ஒரே ஒரு சதவீதத் தவறு என்றாலும் சுமார் 750 தாள்கள் மீது வீண்பழி விழும் என்பது பல்கலைக்கழகம் சொன்ன காரணங்களில் ஒன்று.

20-க்குக் கீழே தன் எண்ணையே நம்பாத கருவியிடம் பூஜ்ஜியம் கேட்பதில் என்ன நியாயம்? 2018 விதியிலும் ஏஐ மதிப்பெண் என்ற பேச்சே இல்லை. அது சாட் ஜிபிடி வருவதற்கு நாலு ஆண்டு முந்தைய விதி. அதன் பத்து, நாற்பது, அறுபது என்ற படிகளை ஏஐ எண்ணுக்கும் பொருத்திப் பேசுகிறவர்கள், ஓர் ஒப்புமைக் கணக்கையும் ஒரு கணிப்பையும் ஒரே அளவுகோலில் போடுகிறார்கள்.

"விதியிலேயே இருக்கிறதே?"

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. மிக வலுவானது விதியிலிருந்தே வருகிறது. ஆய்வுச் சுருக்கம், கருதுகோள், உற்றுநோக்கல், முடிவுகள், பரிந்துரைகள் ஆகியவை சொந்தச் சிந்தனையில் அமைய வேண்டும், அவற்றில் ஒப்புமையே இருக்கக் கூடாது என்று 2018 விதியில் ஒரு குறிப்பு உண்டு. பூஜ்ஜியம் கேட்கிறவர்கள் கையில் பிடித்திருப்பது இதைத்தான். ஆனால் அந்தக் குறிப்பு பேசுவது ஆய்வாளர் தானே கண்டு சொல்லும் பகுதியை. முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் இயலையும், ஆய்வுக் களத்தின் அறிமுகத்தையும், ஆய்வுமுறை விளக்கத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. 14 சொல் விலக்கைத் தருவதும் இதே குறிப்புதான். முடிவுரையில் பிறர் முடிவு இருந்தால் அது திருட்டு. அதைக் கண்டுபிடிக்க முடிவுரையைத் திறந்து படிக்க வேண்டும். முழு ஏட்டுக்கும் சேர்த்து வரும் ஒற்றை எண், முடிவுரையில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. இந்தக் குறிப்பை உண்மையாகவே நிறைவேற்ற நினைக்கும் துறை, அந்த இயல்களை மட்டும் தனியாக ஏற்றிப் பார்க்கலாம்.

இரண்டாவது வாதம் நடைமுறை சார்ந்தது. ஒரு கைடிடம் பல மாணவர்கள், கற்பிக்கும் சுமை வேறு. இருநூறு பக்கத்தை யார் உட்கார்ந்து சரிபார்ப்பது, எண் இருந்தால் வேலை சுருங்குகிறதே என்கிறார்கள். சிரமம் உண்மைதான். எண்ணை எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும் கைகாட்டியாக வைத்துக்கொள்வதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் பார்க்க வேண்டியது இருநூறு பக்கமும் இல்லை. மூலப் பட்டியலின் மேலே இருக்கும் ஐந்து, ஆறு மூலங்களைப் பார்த்தால் போதும். ஒரே மூலத்திலிருந்து ஒன்றிரண்டு சதவீதம் வந்திருந்தால் அங்கே நிற்க வேண்டும். தொடர்ச்சியாக ஒரு பத்தி சிவப்பாக இருக்கிறதா, அதில் மேற்கோள் குறியும் அடிக்குறிப்பும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அங்கங்கே நாலைந்து சொல் நிறம் மாறியிருந்தால் விட்டுவிடலாம். அரை மணி நேர வேலை. நாலு முறை ரிப்போர்ட் எடுத்து நாலு முறை மாணவரைத் திருப்பி அனுப்பும் நேரத்தைவிட இது குறைவு.

மூன்றாவதாக மாணவர்களே சொல்வது: "ஜீரோ வந்துட்டா யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க, சார்." கேட்பார்கள். மேற்கோள் இல்லாமல், முன்னோடி ஆய்வுகளின் பெயர் இல்லாமல், கலைச்சொல் எதுவும் நிலையாக இல்லாமல் வரும் வரலாற்று ஏட்டை வைவாவுக்கு வரும் தேர்வாளர் சந்தேகமாகத்தான் பார்ப்பார். பூஜ்ஜியத்துக்காக மேற்கோளை நீக்கிக் கருத்தை மட்டும் வேறு சொல்லில் எழுதி, மூலத்தின் பெயரை விட்டவர் நிலை இன்னும் சிக்கல். விதியின் பார்வையில் எழுத்துத் திருட்டு என்பது பிறர் படைப்பையோ கருத்தையோ தன்னுடையதாகக் காட்டுவது. சொல் மாறியிருந்தாலும் கருத்து அதே என்றால் அது திருட்டுதான். நேர்மையாக மேற்கோள் போட்டு 6 சதவீதத்தில் இருந்தவர், அதைப் பூஜ்ஜியமாக்கும் முயற்சியில் குற்றத்துக்குள் நுழைந்துவிடுகிறார். மென்பொருள் அவரைப் பாராட்டுகிறது.

மாற்று வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒப்புமையைப் பற்றிப் புகார் எழுந்தால் துறை அளவில் ஒரு குழு, நிறுவன அளவில் ஒரு குழு என்று ஆட்களை வைத்து விசாரிக்கத்தான் 2018 விதி சொல்கிறது. எண்ணை வைத்து இயந்திரம் தீர்ப்புச் சொல்ல அதில் இடமில்லை. மாணவர் தரப்பில் செய்யக்கூடியது ஒரு பக்கக் குறிப்பு. எந்தக் கருவியில், எந்தத் தேதியில், எவற்றை விலக்கி எடுத்த ரிப்போர்ட், வந்த எண் என்ன, பட்டியலில் மேலே இருக்கும் ஐந்து மூலங்களோடு ஒத்திருப்பவை எவை, ஏன் என்று அதில் எழுதித் தரலாம். கல்வெட்டுப் பாடம் என்றால் தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும். சொந்தக் கட்டுரை என்றால் இதழும் ஆண்டும். ஆய்வுமுறையின் வழக்கமான வாசகம் என்றால் அப்படியே. ஏஐ பற்றிக் கேள்வி வந்தால், கைப்பட எடுத்த களக்குறிப்பு, தேதியோடு சேமித்த வரைவுகள், கைடு திருத்திய பிரதிகள் எல்லாவற்றையும் காட்டலாம். கண்டறியும் கருவியின் எண்ணைவிட அவை திடமான சான்று.

கைடும் அந்தக் குறிப்பில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்பதால் அவரும் பட்டியலைப் புரட்டியாக வேண்டும். பல்கலைக்கழகத்தின் அடுத்த சுற்றறிக்கையில் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே இந்த ஒரு பக்கத்தையும் கட்டாயமாக்கினால், சிமிலாரிட்டி குறைத்துத் தரும் கடைக்காரருக்கு விற்க என்ன மிஞ்சும் என்று தெரியவில்லை.